முதல் லேயர் பெட்டில் ஒட்டவே மாட்டேன் என்கிறது: நாசில் மாற்றிய பிறகு ஆரம்பித்த தொல்லை

முத்துநகர்வாசி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். 3டி பிரிண்டரில் பெயர் பொறித்த சாவிக்கொத்து பிரிண்ட் செய்து கொடுப்பது என் சின்ன வேலை. நாற்பது ஆர்டர் நிற்கிறது, ஒன்றுகூட முழுதாக வரவில்லை.

போன வாரம் நாசில் அடைத்துக்கொண்டது. புதிதாக 0.4 பித்தளை நாசில் வாங்கி மாட்டினேன். அதே வாரத்தில் லேப்டாப்பும் மாறியதால் ஸ்லைசரைப் புதிதாக நிறுவினேன். அன்றிலிருந்து முதல் லேயர் பெட்டில் நிற்பதே இல்லை. கோடு போடும்போது சரியாக விழுவது போலத் தெரிகிறது, நாசில் திரும்பும் இடத்தில் அப்படியே கூட இழுபட்டு வந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் நாசிலைச் சுற்றி இடியாப்பம்.

பிஎல்ஏ பிளாஸ்டிக், நாசில் 205 டிகிரி, பெட் 60, முதல் லேயர் 0.2 உயரம், கோடு 0.4 அகலம், பொடி போட்டாற்போல் சொரசொரப்பான பிஇஐ ஷீட். பெட்டைத் தொட்டு உயரம் பார்க்கும் பிஎல்டச் சென்சார் இருக்கிறது. நாசில் மாற்றியதும் ஏ4 பேப்பர் வைத்து உயரம் சரிபார்த்தேன், ஆஃப்செட் -1.82 வந்தது. பெட் சூட்டை 75 வரை ஏற்றினேன். வீட்டில் இருந்த ஹேர் ஸ்ப்ரே அடித்தேன். புது ஃபிலமென்ட்கூட வாங்கிவிட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஃபிலமென்ட் தான் மட்டமோ?

நீலமேகம் | ஞாயிறு, இரவு 10.05

நண்பரே, ஃபிலமென்ட் எல்லாம் காரணமில்லை. லெவல் சரியில்லை, அவ்வளவுதான். நான்கு மூலையிலும் பேப்பர் வைத்து, கீழே இருக்கும் திருகை கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். பேப்பர் லேசாக உரசினால் போதும். நான்கு வருஷமாக நான் பேப்பரைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. சென்சார் எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு.

அப்புறம் சானிடைசர் போட்டு பெட்டைத் துடைத்துவிடுங்கள்.

சுருள்பித்தன் | ஞாயிறு, இரவு 10.31

எனக்கும் இதே பிரச்சினை. ஏபிஎஸ்ஸில் ஒரு பெட்டி போடுகிறேன், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு மூலை வாழை இலை சுருண்ட மாதிரி மேலே எழும்பி நிற்கிறது. நாசிலை இன்னும் கீழே இறக்கினால் சரியாகிவிடுமா?

முத்துநகர்வாசி | ஞாயிறு, இரவு 11.50

நீலமேகம் சொன்னபடி நான்கு திருகையும் திருப்பிப் பார்த்தேன். இடது முன் மூலை கொஞ்சம் ஒட்டியது, மற்ற இடம் எல்லாம் பழைய குருடி கதவைத் திறடி.

பழையலேத் | திங்கள், காலை 6.15

தம்பி, முதலில் திருகை விட்டுக் கையை எடுங்கள். அந்தத் திருகு பெரும்பாலும் எம்4 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு 0.7 மில்லி ஏறி இறங்கும். கால் சுற்று என்றால் 0.175. நீங்கள் போடும் முதல் லேயரே 0.2 தான். ஒரு லேயர் அளவுக்குத் தட்டை ஆட்டிவிட்டு ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் எப்படி? திருகு பெட்டின் சாய்வை எடுப்பதற்கு. நாசில் உயரத்தை வைப்பதற்கு அது ஆயுதமில்லை. சென்சார் இருக்கும் மெஷினில் உயரம் என்பது ஆஃப்செட் எண் ஒன்றுதான்.

இரண்டாவது, சூட்டை ஏற்றுவது, ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் பிறகு. முதலில் கோடு எப்படி விழுகிறது என்று பார்த்தீர்களா? பார்த்ததைச் சொல்லுங்கள். பிரிண்ட் ஆரம்பித்ததும் சுற்றி ஒரு வரி போடுமே, அது முடிந்ததும் நிறுத்திவிட்டு அந்த இழையை விரலால் உருட்டிப் பாருங்கள். நூல் மாதிரி உருண்டையாக இருந்து விரலுக்கடியில் உருண்டால் நாசில் உயரத்தில் இருக்கிறது. ரிப்பன் மாதிரி தட்டையாக இருந்தும் நகத்தால் தொட்டதும் கழன்று வந்தால் பெட்டில் அழுக்கு, உயரத்தில் குற்றமில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மருந்து கொடுப்பதால்தான் மூன்று நாள் ஓடியிருக்கிறது.

சானிடைசர் வேண்டாம். அதில் கை காயாமல் இருக்க கிளிசரின் கலந்திருப்பார்கள். அது ஷீட்டில் படிந்துவிட்டால் நீங்களே எண்ணெய் பூசிய மாதிரி. ஷீட்டைக் கழற்றி பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் காய வையுங்கள். நடுவில் விரல் படக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு ஷீட்டைத் தொட்டுவிட்டு ஒட்டவில்லை என்று என்னிடம் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஹேர் ஸ்ப்ரேயும் இதோடு போகட்டும்.

சுருள்பித்தன், உங்களுடையது வேறு கதை. முதல் லேயர் ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்துத் தூக்குகிறது என்றால் அது பிளாஸ்டிக் ஆறிச் சுருங்குவது. நாசிலை இறக்கினால் அது அடங்காது. தனிப் பதிவு போடுங்கள், அங்கே பேசலாம்.

முத்துநகர்வாசி | திங்கள், மாலை 7.20

ஐயா, சோப்பு போட்டுக் கழுவினேன். வரியை உருட்டிப் பார்த்தேன். அப்பட்டமாக நூல்தான். பக்கத்துப் பக்கத்தில் போட்ட கோடுகளுக்கு நடுவே பெட் தெரிகிறது, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க முடிகிறது. ஆனால் பேப்பர் வைத்துத்தானே சரிசெய்தேன்? பேப்பர் உரசியதே!

பழையலேத் | திங்கள், இரவு 8.02

எப்போது வைத்தீர்கள்? பெட் சூடாக இருந்ததா? பேப்பர் எவ்வளவு உரசியது? திரையில் Z எவ்வளவு காட்டியது?

முத்துநகர்வாசி | திங்கள், இரவு 8.10

பெட் ஆறித்தான் இருந்தது. Z 0.00 காட்டியது. பேப்பர் லேசாகத் தொட்டுக்கொண்டு சுலபமாக நகர்ந்தது.

பழையலேத் | திங்கள், இரவு 8.55

அங்கேதான் இருக்கிறது. சாதாரண ஏ4 பேப்பர் ஏறக்குறைய 0.1 மில்லி தடிமன். திரை 0.00 என்று சொல்லும்போது அடியில் பேப்பர் இருக்கிறது, அதாவது உண்மையில் நாசில் பெட்டிலிருந்து 0.1 மேலே நிற்கிறது. பேப்பர் சுலபமாக நகர்ந்தது என்றால் அதற்கும் மேலே. மெஷினுக்கு இது தெரியாது. அது தன் பூஜ்யத்திலிருந்து 0.2 ஏறி முதல் லேயரைப் போடும். ஆக நாசில் நிற்பது 0.3இல், அல்லது அதற்கும் மேல். ஆனால் உருக்கி விடும் பிளாஸ்டிக் 0.2 உயரத்துக்குக் கணக்குப் போட்டது.

நான் முப்பது வருஷம் டூல் ரூமில் ஃபீலர் கேஜ் பிடித்தவன். ஒரு இடைவெளியை அளக்கும்போது கேஜின் தடிமனைக் கழிக்காமல் பூஜ்யம் என்று எழுதினால் மேஸ்திரி முதுகில் போடுவார். பேப்பரும் ஒரு கேஜ்தான், மட்டமான கேஜ்.

பேப்பரே இருக்கட்டும், தப்பில்லை. பெட்டை 60க்கு ஏற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள், ஷீட்டும் தட்டும் சூட்டில் விரிந்து நிலைக்கு வரட்டும். நாசிலையும் சூடாக்கி முனையில் தொங்கும் பிளாஸ்டிக்கைப் பித்தளை பிரஷால் துடையுங்கள். முனையில் ஒரு துளி காய்ந்திருந்தால் அந்தத் துளிதான் பேப்பரைத் தொடும், நாசில் தொடாது. அப்புறம் Z 0.1 என்று காட்டும் இடத்தில் பேப்பர் உரச வேண்டும். 0.00இல் இல்லை.

நீலமேகம் | திங்கள், இரவு 9.30

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். நான் 0.00இல் பேப்பர் வைத்துத்தான் நான்கு வருஷமாக ஓட்டுகிறேன். ஒரு பிரிண்ட்கூடக் கழன்றதில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழையலேத் | திங்கள், இரவு 9.48

நீங்கள் முதல் லேயர் எவ்வளவு உயரம் வைக்கிறீர்கள்? அதற்கு மட்டும் கோட்டின் அகலம் கூட்டியிருக்கிறீர்களா?

நீலமேகம் | திங்கள், இரவு 9.55

உயரம் 0.28. அகலம் 130 சதவீதம், யாரோ ஒரு வீடியோவில் சொன்னார்கள். பேப்பரையும் நான் இழுத்தால் கிழியும் அளவுக்கு இறுக்கமாகத்தான் வைப்பேன்.

பழையலேத் | திங்கள், இரவு 10.20

பார்த்தீர்களா, உங்கள் அமைப்பு உங்கள் தவறை மூடி மறைக்கிறது. தடித்த லேயர், அகலக் கோடு, அதாவது தம்பியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பிளாஸ்டிக் கொட்டுகிறீர்கள். அதோடு பேப்பரை நசுக்கி வைப்பதால் இடைவெளியும் குறைவு. உங்களுக்குப் பிழைத்துப்போகிறது. தம்பி 0.2 உயரத்தில் 0.4 அகலம் போடுகிறார். அவரிடம் அந்த 0.1 பிழைக்க இடமில்லை. முறை உங்களுக்கு வேலை செய்கிறது, அவருக்குச் செய்யவில்லை. இரண்டும் உண்மைதான்.

மாடித்தோட்டம் | திங்கள், இரவு 10.44

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் இதற்கு நேர் எதிர். தொட்டிகளுக்கு பிஇடிஜியில் கிளிப் போடுகிறேன், வழுவழுப்பான பிஇஐ ஷீட். ஒட்டவில்லை என்று பயந்து பிஎல்ஏவுக்கு வைத்த அதே உயரத்திலிருந்து இன்னும் இறக்கினேன். முடிவில் கிளிப்பைக் கழற்றும்போது ஷீட்டின் மேல் தோல் நாணயம் அளவுக்குப் பிய்ந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு பிஇடிஜிக்கு கொஞ்சம் ஏற்றி வைக்கிறேன், பெட்டில் மெல்லிசாக குளூ ஸ்டிக் தேய்க்கிறேன். ஒட்டுவதற்கு இல்லை, கழற்றுவதற்கு. அதனால் இங்கே படித்துவிட்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இறக்காதீர்கள்.

அப்புறம் தம்பி, சீலிங் ஃபேன் ஓடுகிறதா? என் பழைய அறையில் ஃபேனுக்கு நேர் கீழே மெஷின் இருந்தது. முதல் லேயர் வரைக்கும் ஃபேனை நிறுத்துவேன்.

முத்துநகர்வாசி | செவ்வாய், இரவு 8.30

அக்கா, ஃபேன் ஓடத்தான் செய்கிறது, இந்த வெயிலில் நிறுத்தினால் நான் கழன்று விழுவேன். மெஷினை மூலைக்குத் தள்ளியிருக்கிறேன்.

பழையலேத் ஐயா, எனக்குப் பேப்பரில் நம்பிக்கை போய்விட்டது. வெர்னியர் ஒன்று டிஜிட்டல் இருக்கிறது. பெட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் 30 மில்லி சதுரம் ஐந்து, ஒரே லேயர், 0.2 உயரத்தில் போட்டேன். கழன்று ஓடாமல் இருக்க வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். கழற்றி அளந்தேன். நடு 0.32, முன் இடது 0.31, முன் வலது 0.32, பின் இடது 0.32, பின் வலது 0.32. எல்லா இடமும் ஒன்று. பெட் மட்டமாகத்தான் இருக்கிறது. 0.32இலிருந்து 0.2க்கு வர 0.12 இறக்கினால் முடிந்தது, சரிதானே?

பழையலேத் | செவ்வாய், இரவு 9.25

அளந்தது நல்ல காரியம். ஆனால் அந்த 0.32 இடைவெளி இல்லை.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஸ்லைசர் விடச் சொல்லும் இழையின் குறுக்குவெட்டு அகலம் 0.4, உயரம் 0.2, பெருக்கினால் 0.08 சதுர மில்லி. அந்தப் பிளாஸ்டிக்கை யாரும் நசுக்காமல் காற்றில் விட்டால் அது உருண்டையாகத்தான் நிற்கும். 0.08 பரப்புள்ள வட்டத்தின் விட்டம் என்ன?

```
√(4 × 0.08 / 3.14) = 0.32
```

நீங்கள் அளந்தது நசுங்காத நூலின் தடிமன். நாசில் 0.33இல் நின்றாலும் 0.5இல் நின்றாலும் வெர்னியர் அதே 0.32 பக்கம்தான் காட்டும். ஐந்து இடமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து பெட் மட்டம் என்று நினைத்தீர்கள். ஐந்து இடத்திலும் நாசில் தொடவே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பெட் மட்டமா கோணலா என்று இதிலிருந்து சொல்லவே முடியாது.

நிஜமான இடைவெளி தெரிய வேண்டுமானால் நாசில் இழையை நசுக்கும் உயரத்துக்கு முதலில் வர வேண்டும். ஆஃப்செட்டை 0.10 இறக்குங்கள், -1.92. எண் மைனஸில் பெரிதாகப் பெரிதாக நாசில் கீழே வரும், இதில் நிறையப் பேர் தலைகீழாகப் போடுவார்கள். அதே ஐந்து சதுரத்தையும் மறுபடி போடுங்கள்.

```
M851 Z-1.92
M500
```

இரண்டாவது வரி இல்லாவிட்டால் மெஷினை நிறுத்தி எழுப்பியதும் பழைய எண் வந்துவிடும்.

சுருள்பித்தன் | செவ்வாய், இரவு 10.02

அந்த 0.32 கணக்கு எனக்கு இப்போதுதான் உறைத்தது. நானும் இப்படி அளந்து, எல்லா இடமும் ஒன்று என்று சந்தோஷப்பட்டு பிரிண்டரைக் கொஞ்சியிருக்கிறேன்.

முத்துநகர்வாசி | புதன், இரவு 7.45

வந்துவிட்டது. -1.92இல் போட்ட சதுரங்கள்: நடு 0.26, முன் இடது 0.25, முன் வலது 0.27, பின் இடது 0.26, பின் வலது 0.32.

நான்கு சதுரம் ஓரளவு ஒட்டியது, கழற்றும்போது துண்டாக வந்தது. பின் வலது மட்டும் பழைய மாதிரி நூல் நூலாக. அந்த மூலையில் இன்னும் உருண்டுதான் விழுகிறது.

பழையலேத் | புதன், இரவு 8.20

இப்போது எண்கள் பேசுகின்றன. நடுவில் 0.26, வேண்டியது 0.20. இன்னும் 0.06 இறக்க வேண்டும், -1.98. இனிமேல் நாசில் நசுக்கும் நிலையில் இருப்பதால் இந்தக் கழித்தலை நம்பலாம். இதுவரை எவ்வளவு தப்பாக இருந்தது என்றும் தெரிகிறது. -1.82இல் நடுவில் நாசில் 0.36இல் நின்றிருக்கிறது. ஆறிய பெட்டில் தளர்வாக வைத்த பேப்பர் 0.16 பிழை கொடுத்திருக்கிறது.

பின் வலது மூலை 0.32 என்றால் அங்கே இன்னும் நசுங்கவில்லை. அது 0.33ஆக இருக்கலாம், 0.40ஆகவும் இருக்கலாம். என் கேள்வி இது: பிஎல்டச் வைத்திருக்கிறீர்கள். அந்தக் குழியை அது கண்டுபிடித்து ஈடுகட்டியிருக்க வேண்டுமே, ஏன் கட்டவில்லை? ஞாயிறு இரவு திருகைத் திருப்பிய பிறகு சென்சாரால் பெட்டின் மேடு பள்ள மேப் மறுபடி எடுத்தீர்களா? ஸ்லைசரின் தொடக்க ஜி-கோட் என்ன என்று ஒட்டுங்கள்.

முத்துநகர்வாசி | புதன், இரவு 8.31

```
G28
G1 Z5 F3000
M109 S205
```

இவ்வளவுதான். இதற்குக் கீழே ஓரத்தில் ஒரு கோடு போடுவது. மேப் எடுக்கவில்லை. போன மாதம் எடுத்தது மெமரியில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

பழையலேத் | புதன், இரவு 8.58

அகப்பட்டான். புது லேப்டாப்பில் ஸ்லைசர் தன் சொந்தத் தொடக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறது. மார்லின் ஃபர்ம்வேரில் பொதுவாக G28 போட்டதும் மேப் அணைந்துவிடும். மறுபடி எழுப்ப ஒரு வரி வேண்டும், உங்கள் பழைய லேப்டாப்பில் அது இருந்திருக்கும். சென்சார் இருந்தும் இத்தனை நாள் சென்சார் இல்லாத மெஷினாகத்தான் ஓடியிருக்கிறது.

ஆனால் வரியை மட்டும் சேர்த்தால் ஆகாது. திருகைத் திருப்பிவிட்டதால் மெமரியில் இருக்கும் மேப் இப்போது பொய் சொல்லும். முதலில் பெட்டை 60இல் பத்து நிமிஷம் ஊற வைத்து, முனையைத் துடைத்து, புது மேப் எடுத்துச் சேமியுங்கள்.

```
G28
G29
M500
```

பிறகு ஸ்லைசரில் G28க்கு அடுத்த வரியாக:

```
M420 S1
```

அதற்கு அப்புறம் திருகைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்யுங்கள். தொட்டால் மறுபடி G29.

நீலமேகம் | புதன், இரவு 9.15

திருகைத் திருப்பச் சொன்னது நான்தான். அந்தப் பின் வலது மூலை என் புண்ணியமாக இருக்கும். மன்னிக்கவும் நண்பரே. ஆனாலும் சொல்கிறேன், சென்சார் இல்லாத என் மெஷினில் இந்தக் குழப்பம் எதுவும் வந்திருக்காது.

சுருள்பித்தன் | புதன், இரவு 9.40

நான் மார்லினுக்குப் பதில் கிளிப்பர் ஃபர்ம்வேர் போட்டிருக்கிறேன். அதில் M851 எடுக்காதே?

மாடித்தோட்டம் | புதன், இரவு 9.52

எடுக்காது. பிரிண்ட் ஓடும்போது Z ஆஃப்செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பிடித்துவிட்டு, பிரிண்ட் முடிந்ததும் இதைப் போடுங்கள்:

```
Z_OFFSET_APPLY_PROBE
SAVE_CONFIG
```

இரண்டாவதைப் பிரிண்ட் நடுவில் போட்டுவிடாதீர்கள், கிளிப்பர் மறுபடி தொடங்கி பிரிண்ட் போய்விடும். ஒரு தொட்டி முழுக்க எனக்கு அப்படிப் போயிருக்கிறது.

முத்துநகர்வாசி | வியாழன், இரவு 9.10

எல்லாம் செய்தேன். -1.98, புது மேப், M420 வரி. ஐந்து சதுரம்: நடு 0.20, முன் இடது 0.19, முன் வலது 0.21, பின் இடது 0.21, பின் வலது 0.22.

பின் வலது மூலையில் போட்ட சதுரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடுகளுக்கு நடுவில் ஊசி அளவுக்குக்கூட ஓட்டை இல்லை. அடிப்பக்கம் ஷீட்டின் சொரசொரப்பை அப்படியே அச்செடுத்திருக்கிறது. மடித்தால் கோடு கோடாகப் பிரியாமல் அட்டை மாதிரி வளைகிறது. பெட் சூட்டைப் பழையபடி 60க்கு இறக்கிவிட்டேன்.

ஒரே சந்தேகம். ஆசையில் இன்னும் 0.08 இறக்கி -2.06 வைத்துப் பார்த்தேன், இன்னும் நன்றாக ஒட்டுமே என்று. எக்ஸ்ட்ரூடரிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது, மேல்பரப்பு உழுத வயல் மாதிரி வரப்பு வரப்பாக எழும்பியது. உடனே பழையபடி மாற்றிவிட்டேன். நாசில் கெட்டிருக்குமா?

பழையலேத் | வியாழன், இரவு 9.45

ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது. 0.2 உயரத்துக்குக் கணக்குப் போட்ட பிளாஸ்டிக்கை 0.12 சந்தில் திணித்தால் எங்கே போகும்? பக்கத்தில் பிதுங்கி வரப்பாக எழும்பும், அடுத்த கோடு போடும்போது நாசில் அந்த வரப்பை உழும். வெளியே வர வழியில்லாமல் எக்ஸ்ட்ரூடர் பல் வழுக்குவதுதான் அந்த டக் டக். அப்படியே விட்டிருந்தால் சாவிக்கொத்தின் அடி விளிம்பு பாவாடை மாதிரி விரிந்து, வளையம் நுழையும் துளை சிறுத்துப்போயிருக்கும்.

உங்கள் ஷீட் சொரசொரப்பானது என்பதால் ஒரு விஷயம். வெர்னியரின் தாடை அந்தப் புடைப்புகளின் மேல்தான் உட்காரும், அதனால் அளவு நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடக் காட்டலாம். மலிவு வெர்னியரிலேயே 0.02 அங்கே இங்கே இருக்கும். 0.22ஐப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். கடைசி 0.02ஐக் கண்ணும் விரலும்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீலமேகம் | வியாழன், இரவு 10.10

அதையேதான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். கடைசியில் கண்ணும் விரலும்தான் என்றால் வெர்னியர் எதற்கு? பிரிண்ட் ஓடும்போதே கோட்டைப் பார்த்து 0.02 0.02ஆக இறக்கினால் இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை.

பழையலேத் | வியாழன், இரவு 10.25

உங்கள் கண்ணுக்கு நான்கு வருஷப் பழக்கம் இருக்கிறது. தம்பியின் கண்ணுக்கு மூன்று நாள். எண் இருந்ததால்தான் அந்த ஒரு மூலை மட்டும் வேறு நோய் என்று பிரிந்தது. கண்ணால் இறக்கிக்கொண்டே போயிருந்தால் பின் வலது ஒட்டும்வரை இறக்கி முன் இடதில் ஷீட்டைக் கீறியிருப்பார்.

நீலமேகம் | வியாழன், இரவு 10.33

அந்த மூலைக்கு நான் பொறுப்பு என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. மற்றபடி நான் பேப்பரோடுதான் இருப்பேன்.

மாடித்தோட்டம் | வியாழன், இரவு 10.50

எனக்கு ஒரு சந்தேகம். அந்த 0.32 கணக்கை பிஇடிஜிக்கு எப்படிப் பயன்படுத்துவது? நான் வேண்டுமென்றே கொஞ்சம் உயரத்தில் வைக்கிறேன். 0.2க்கு 0.24 அளந்தால் போதுமா, 0.26 வரை போகலாமா?

பழையலேத் | வெள்ளி, காலை 6.20

பிஇடிஜி நான் அதிகம் ஓட்டியதில்லை அம்மா, ஆணையிட்டுச் சொல்ல மாட்டேன். 0.22இல் தொடங்கிப் பாருங்கள். நாசிலில் பிளாஸ்டிக் சேர்ந்து கட்டியாக உருண்டுகொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

முத்துநகர்வாசி | வெள்ளி, இரவு 11.05

பன்னிரண்டு சாவிக்கொத்து ஒரே தட்டில், ஒன்றும் கழலவில்லை. பெட் ஆறியதும் ஷீட்டை வளைத்தேன், எல்லாம் தானாக உதிர்ந்தது. மீதி 28 நாளைக்கு.

வாங்கி வைத்த புது ஃபிலமென்ட் இரண்டு சுருள் பிரிக்காமல் இருக்கிறது, மஞ்சள். யாருக்காவது வேண்டுமா?

சுருள்பித்தன் | வெள்ளி, இரவு 11.12

மஞ்சள் எனக்கு. என் ஏபிஎஸ் பெட்டி மூலைக்குத் தனிப் பதிவு போட்டுவிட்டேன், யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.